'புக்' செய்தால் பணம் கட்டியாக வேண்டுமா?

ஜெர்மனியின் வடகடலோரத்தில் உள்ள ஓர் ஓட்டலில் நான்கு இரட்டை அறைகள் வேண்டுமென்று ஒருவர் புக்கிங் டாட் காம் தளத்துக்குள் போனார். அறைகளைத் தேர்ந்தெடுத்து, முதலில் 'நான் ரிசர்வ் செய்கிறேன்' என்ற பொருள்படும் ஜெர்மன் பொத்தானை அழுத்தினார். தன் விவரங்களையும் உடன் வருவோரின் பெயர்களையும் நிரப்பினார். கடைசியாக வந்த பொத்தானில் 'Buchung abschließen' என்று இருந்தது. தமிழில் சொன்னால், 'புக்கிங்கை நிறைவுசெய்க'. அதையும் அழுத்தினார். குறித்த நாளில் அவர் ஓட்டலுக்கு வரவில்லை. தன் விதிமுறைகளைக் காட்டி 2,240 யூரோ ரத்துக் கட்டணம் கேட்டது ஓட்டல். அவர் கட்ட மறுத்தார். போட்ராப் நகரின் உள்ளூர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு, லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போயிற்று.

அங்கே அலசப்பட்டது அந்தக் கடைசிப் பொத்தானில் இருந்த இரண்டு சொற்கள்தான். இணையத்தில் பணம் கட்ட வேண்டிய ஆர்டரைப் பெறும் பொத்தானில், 'பணம் செலுத்தும் கடமையுடன் ஆர்டர் செய்கிறேன்' என்றோ அதே அளவு தெளிவான வேறு சொற்களாலோ எழுதியிருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்ட நெறிமுறை. அப்படி எழுதாவிட்டால் அந்த ஒப்பந்தம் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது. ஜெர்மனி இதை 2012 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்படியானால் 'புக்கிங்' என்ற சொல், பணம் கட்டும் கடமையைத் தானாகவே சொல்லிவிடுகிறதா?

2022 ஏப்ரல் 7 அன்று தீர்ப்பு வந்தது. பொத்தானின் மேல் இருக்கும் சொற்களை மட்டுமே பார்க்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் கணக்கில் வராது என்றது நீதிமன்றம். அன்றாட ஜெர்மன் பேச்சிலும் சாதாரண நுகர்வோரின் மனதிலும் 'புக்கிங்' என்றாலே பணம் கட்டும் கடமை எப்போதும் தவறாமல் சேர்ந்து வருகிறதா என்பதைப் போட்ராப் நீதிமன்றம் ஆராய வேண்டும். அப்படிச் சேர்ந்து வராவிட்டால் அந்தச் சொல் இரு பொருள் தருவது. அதை வைத்து அவரிடம் பணம் கேட்க முடியாது.

இந்த வழக்கைத் தமிழ்நாட்டில் நின்று யோசித்தால் சிக்கல் இன்னும் நன்றாகப் புரியும். கேஸ் சிலிண்டரை நாம் 'புக்' செய்கிறோம். போனில் எண்ணை அழுத்திவிட்டு, சிலிண்டர் வீட்டுக்கு வரும்போது பணம் கொடுத்தால் போதும். ரயில் டிக்கெட்டை 'புக்' செய்கிறோம். அங்கே முழுப் பணமும் போன பிறகுதான் டிக்கெட் கைக்கு வரும். கல்யாண மண்டபத்தை 'புக்' செய்தாயிற்று என்றால் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். டாக்டரிடம் 'புக்' செய்தாயிற்று என்றால் டோக்கன் எண் மட்டும் கையில் இருக்கிறது. கடமை நான்கு விதம், சொல் ஒன்று. நான்கையும் நாம் குழம்பாமல் செய்துகொண்டிருப்பதற்குக் காரணம் பழக்கம். புதிதாக ஒரு விடுதியின் இணையப் பக்கத்துக்கு வருபவருக்கு அந்தப் பழக்கம் துணைக்கு வராது.

விளம்பரத்திலோ இணையப் பக்கத்திலோ 'இதைச் செய்யுங்கள்' என்று வாசகரை அழைக்கும் சொற்களை இத்தொழிலில் இருப்பவர்கள் 'கால் டு ஆக்‌ஷன்' என்கிறார்கள். அழைப்பு வாசகம் என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கச் சொல்வது, முன்பதிவு செய்யச் சொல்வது, விசாரிக்கச் சொல்வது என்று இதில் மூன்று பெரிய வகைகள் உண்டு. மூன்றுக்கும் ஒரே மாதிரி 'இன்றே முந்துங்கள்' என்று எழுதுவது நம்மூர் நோட்டீஸ்களின் நெடுநாள் வழக்கம். ஆனால் வாசகரின் மனதில் ஓடும் கேள்வி மூன்றிலும் ஒன்றல்ல. வாங்குபவர், 'மொத்தம் எவ்வளவு, எப்போது கைக்கு வரும்?' என்று கேட்கிறார். விசாரிப்பவர், 'நம்பரைக் கொடுத்தால் போன் மேல் போன் போட்டுத் தொல்லை செய்வார்களோ?' என்று தயங்குகிறார். முன்பதிவு செய்பவருக்கு இரண்டு கவலையும் இருக்கும். கூடவே மூன்றாவதாக ஒன்று: 'திட்டம் மாறினால் என்ன ஆகும்?' இடம் கிடைக்காமல் போய்விடக் கூடாது, தானும் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதனால்தான் மூன்றில் முன்பதிவுக்கு எழுதுவதே கடினம்.

கூகுள் நிறுவனம் இதைத் தன் ஓட்டல் தேடல் பக்கத்தில் கண்டது. அங்கே முதலில் 'Book a room' என்ற பொத்தான் இருந்தது, அறையை புக் செய்யுங்கள் என்று. அதை 'Check availability' என்று, அறை இருக்கிறதா பாருங்கள் என்று மாற்றினார்கள். பொத்தானைப் பயன்படுத்தியவர்கள் 17 சதவீதம் கூடினார்கள். 2017இல் நடந்த கூகுளின் ஆண்டு மாநாட்டில் அந்நிறுவனத்தில் எழுத்துப் பணி செய்பவர்களே இதை எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் தந்த விளக்கம் எளிமையானது. அந்தக் கட்டத்தில் இருப்பவர் இன்னும் தேதியையும் வாடகையையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் 'புக் செய்' என்றால், எடுக்காத முடிவை எடுத்துவிட்டதுபோல் ஆகிவிடுகிறது. கை பின்வாங்குகிறது.

இந்த 17 சதவீதத்தைப் பார்த்துவிட்டு எல்லாப் பொத்தானையும் மென்மையாக்கினால் போதும் என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அது தவறான பாடம். கூடியது பொத்தானைத் தொட்டவர்களின் எண்ணிக்கை. அறை எடுத்தவர்களின் எண்ணிக்கை என்று அதைப் படிக்கக் கூடாது. மென்மையான சொல்லுக்கு அதிகம் பேர் விரல் நீட்டுவது இயல்பு. அந்த மாற்றம் சரியாக இருந்ததற்குக் காரணம், பொத்தானுக்குப் பின்னால் உண்மையில் நடந்ததும் அதுதான் என்பது: தேதியைக் கொடுத்தால் அறை இருக்கிறதா என்று காட்டியது. சொல்லும் செயலும் ஒன்றாக இருந்தன. பணம் எடுக்கும் பொத்தானின் மேல் 'அறை இருக்கிறதா பாருங்கள்' என்று எழுதினால் அது ஏமாற்று.

வீடுகளை வாடகைக்குத் தரும் ஏர்பிஎன்பி தளத்தில் இந்த வேறுபாட்டை ஒரே இடத்தில் பார்க்கலாம். வீட்டுக்காரரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் செய்தி அனுப்பத் தனி வழி இருக்கிறது. அது வெறும் விசாரணை. வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால்தான் இடம் என்ற வகை வீடுகளில் 'Request to book' என்று வரும். முன்பதிவுக்குக் கோரிக்கை வைக்கிறோம், அவ்வளவுதான். வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உடனே உறுதியாகும் வீடுகளில் 'Reserve' என்று வரும், அதன் கீழேயே சிறிய எழுத்தில் 'You won't be charged yet' என்றிருக்கும். இன்னும் பணம் எடுக்கவில்லை என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. பணம் எடுக்கும் கட்டம் அடுத்த பக்கத்தில் வரும்போது பொத்தானின் சொல்லும் மாறி, 'Confirm and pay' ஆகிவிடும். அழுத்துபவரின் கடமை ஒவ்வொரு படியாகக் கூடக் கூட, சொல்லும் கூடவே ஏறுகிறது.

நம் ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலும் கடைசிப் பொத்தான் 'Pay & Book' என்றுதான் இருக்கிறது. பணம் முதலில், புக்கிங் பிறகு. ஆனால் அதே தளத்தில் ரயிலைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே 'Book Now' என்றும் ஒரு பொத்தான் வந்துவிடுகிறது. அதை அழுத்திய நேரத்தில் எந்த இடமும் நமக்கென ஒதுக்கப்படுவதில்லை. தட்கல் நேரத்தில் இடம் இருப்பதாகக் காட்டியதைப் பார்த்து, பெயர்களை நிரப்பி, பணம் கட்டி முடிப்பதற்குள் காத்திருப்புப் பட்டியலுக்குத் தள்ளப்பட்டவர்கள் நிறையப் பேர். வேகப் போட்டியே அதற்கு முதல் காரணம். ஆனாலும் 'புக்' என்று படித்துவிட்டு அழுத்தியவருக்கு இடம் கையில் வந்துவிட்டது போன்ற எண்ணம் எழுவதை அந்தச் சொல் தடுக்கவில்லை.

வாங்கும் பொத்தானில் குழப்பம் குறைவு. கடையில் பொருளைக் கையில் எடுத்தவருக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரியும். அதனால் அங்கே சொல் குட்டையாகவும் நேராகவும் இருக்கலாம். அமேசானின் 'Add to Cart', 'Buy Now' இரண்டும் அப்படித்தான். கூடையில் சேர்ப்பதைத் திரும்ப எடுத்துவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், முதல் பொத்தான் பயமில்லாதது. இரண்டாவது நேராகப் பணத்துக்குக் கொண்டுபோகும். கடைசிப் பொத்தானில் தொகையையும் சேர்த்து '₹1,249 செலுத்துக' என்று எழுதிவிட்டால், அழுத்தும் நொடியில் மீதியிருக்கும் கேள்வியும் தீர்ந்துவிடும். வாங்குபவருக்குத் தேவையில்லாத வேறொரு வேலையை நடுவில் கொண்டுவந்து வைக்கும்போதுதான் தகராறு.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பயன்பாட்டு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009இல் இதை எழுதினார். ஒரு பெரிய இணையக் கடையில், பொருளைக் கூடையில் போட்டுப் பணம் கட்டப் போகும் வழியில் ஒரு சிறிய படிவம் நின்றது. மின்னஞ்சலுக்கும் கடவுச்சொல்லுக்கும் இரண்டு கட்டங்கள், 'Login', 'Register' என்று இரண்டு பொத்தான்கள், கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு ஓர் இணைப்பு, அவ்வளவே. பழைய வாடிக்கையாளருக்கு இது வசதி, புதியவருக்கு ஒரு நிமிட வேலை என்று கடைக்காரர்கள் நினைத்தார்கள். சோதித்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. புதிதாக வந்தவர்கள், வாங்கத்தானே வந்தோம், இந்தக் கடையோடு எதற்குப் பதிவும் உறவும் என்று எரிச்சல்பட்டார்கள். பழையவர்களோ எந்த மின்னஞ்சலைக் கொடுத்தோம் என்பதையே மறந்திருந்தார்கள்.

கடை 'Register' பொத்தானை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'Continue' என்று வைத்தது. இங்கே வாங்குவதற்குக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை, தொடர்ந்து போனால் பணம் செலுத்தலாம், பிறகு வேண்டுமானால் கணக்குத் தொடங்கிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் ஒரு விளக்கமும் சேர்த்தது. வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் மாதம் மட்டும் கூடுதலாக ஒன்றரைக் கோடி டாலர், முதல் ஆண்டில் 30 கோடி டாலர் என்று ஸ்பூல் கணக்குச் சொல்கிறார். அங்கே 'தொடர்க' என்பது தனியாக ஒரு மந்திரச் சொல் இல்லை. கணக்குத் தொடங்கச் சொன்ன கட்டாயம் போய்விட்டது என்பதை அந்தச் சொல்லும் அடுத்த வரியும் சேர்ந்து சொல்லின. கட்டாயத்தை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றியிருந்தால், அடுத்த பக்கத்தில் அதே எரிச்சல்தான்.

விசாரணைக்கு வருவோம். விலை முன்கூட்டியே தெரியாத பொருள்களுக்கும் வேலைகளுக்கும் இதுதான் வாசல்: போர்வெல் போடுவது, சமையல் ஆர்டர், பழைய வீட்டுக்கு வெள்ளையடிப்பது, அரைவை இயந்திரம் வாங்குவது. இங்கே 'விசாரிக்கவும்', 'தொடர்புகொள்ளவும்' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வதே வழக்கம். அந்தச் சொல் வாசகர் என்ன வேலை செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அவருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லவில்லை. தொழில் இயந்திரங்களுக்குச் சந்தையாக இருக்கும் இந்தியாமார்ட் தளத்தில் பொருளின் கீழே 'Get Latest Price' என்று இருப்பதைக் கவனிக்கலாம். கேட்பவருக்குக் கிடைப்பது பொத்தானிலேயே இருக்கிறது, இன்றைய விலை.

அதற்கடுத்து வருவதுதான் தொல்லை பற்றிய பயம். அதைப் பொத்தானுக்குள் போக்க முடியாது; கீழே ஒரு வரி வேண்டும். யார் பதில் சொல்வார், எதன் வழியாக, எவ்வளவு நேரத்தில் என்ற மூன்றும் அந்த வரியில் இருந்தால் போதும். 'விலைப்பட்டியல் பெறுக' என்ற பொத்தானின் கீழ் 'மாலைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். நீங்கள் கேட்காமல் போன் செய்ய மாட்டோம்' என்று எழுதலாம். எழுதியபடி நடக்கவும் வேண்டும். ஒருவரின் எண்ணை வாங்கிப் பத்து விற்பனையாளர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு பின்னால் இருந்தால், இந்த வரியை எழுதாமல் இருப்பதே நேர்மை.

சிறிய தொழில் செய்பவர்களுக்கு வாட்ஸ்அப் இணைப்பில் ஒரு வசதி இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும், அனுப்ப வேண்டிய செய்தி பாதி எழுதப்பட்டுத் திறக்கும்படி செய்யலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=தேதி:%0Aஎத்தனை%20பேர்:
```

எண்ணுக்கு முன் கூட்டல் குறியும் பூஜ்யமும் வேண்டாம், நாட்டுக் குறியீடு மட்டும் போதும். `%20` என்பது இடைவெளி, `%0A` என்பது அடுத்த வரி. 'ஹாய்' என்று மட்டும் வந்து நிற்கும் விசாரணைகள் இதனால் குறையும். கேட்பவருக்கும் தான் எழுத வேண்டியது இவ்வளவுதான் என்று தெரிந்துவிடும்.

மூன்றும் ஒரே இடத்தில் எப்படி வேறுபடும் என்பதற்கு, ஏற்காட்டில் நான்கு அறைகள் உள்ள ஒரு சிறிய விடுதியைக் கற்பனை செய்துகொள்ளலாம். காபித் தோட்டத்துக்கு நடுவே வீடு. தோட்டத்துக் காபித்தூளும் மிளகும் விற்பனைக்கு உண்டு. விசேஷங்களுக்குக் குழுவாக வருபவர்களுக்கு முழு வீட்டையும் கொடுப்பார்கள். அவர்களின் இணையப் பக்கத்தில் எங்கு பார்த்தாலும் 'இப்போதே புக் செய்யுங்கள்' என்ற ஒரே பொத்தான். அழுத்தினால் பெயர், போன், தேதி கேட்கும் படிவம். அனுப்பியதும், 'நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்' என்ற வரி.

இதில் என்ன கெடும்? வாடகை மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர் 'புக்' என்பதைப் பார்த்து ஒதுங்கிவிடுவார். படிவத்தை நிரப்பியவர் அறை தனக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்று நினைப்பார், விடுதிக்காரரோ அதை விசாரணை என்று நினைத்திருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் குழந்தைகளோடு மலையேறி வந்து நிற்கும் குடும்பத்துக்கு அறை இருக்காது. இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. பொத்தான் ஒன்றைச் சொன்னது, படிவம் வேறொன்றைச் செய்தது.

அதைச் சரிசெய்யும் முன் விடுதிக்காரர் தன்னிடமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்தத் தேதியில் எந்த அறை காலி என்பது கணினியில் அந்த நொடியே தெரியுமா, அல்லது மேசையில் இருக்கும் நோட்டைப் புரட்டித்தான் சொல்ல முடியுமா? நோட்டுதான் என்றால் 'புக்' என்ற சொல்லை அந்தப் பக்கத்தில் எழுதும் உரிமை அவருக்கு இல்லை. 'அறை கேட்டு எழுதுங்கள்' என்று பொத்தான் வைக்கலாம். கீழே, 'இரண்டு மணி நேரத்தில் அறை இருக்கிறதா என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறோம். நாங்கள் உறுதிசெய்யும் வரை அறை ஒதுக்கப்படாது' என்று எழுதலாம். இரண்டாவது வாக்கியத்தை எழுதப் பலருக்குத் தயக்கம். வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்று. சனிக்கிழமைச் சண்டையைத் தடுப்பதே அந்த வாக்கியம்தான்.

கணினியில் தெரியும் என்றால் மூன்று படிகள் போதும். அறைகளின் படங்கள் இருக்கும் பக்கத்தில் 'உங்கள் தேதியில் அறை இருக்கிறதா பாருங்கள்' என்ற பொத்தான். தேதி கொடுத்ததும் காலியான அறைகள் மொத்த வாடகையோடு வரும்: இரண்டு இரவு, ₹6,400, வரி உட்பட. ஒவ்வொன்றின் கீழும் 'இந்த அறையைத் தேர்ந்தெடுக்க' என்றும், அடியில் 'இப்போது பணம் எடுக்கப்படாது' என்றும் இருக்கும். பெயரும் எண்ணும் நிரப்பிய பிறகு கடைசிப் பொத்தான்: '₹2,000 முன்பணம் செலுத்தி அறையை உறுதிசெய்க'. அதன் கீழ், 'மீதி ₹4,400 விடுதியில் கொடுக்கலாம். வருவதற்கு இரண்டு நாள் முன்பு வரை ரத்து செய்தால் முன்பணம் முழுவதும் திரும்பும்'. நீளமான பொத்தான்தான். ஆனால் தொகை, அது முன்பணம் என்பது, அழுத்தினால் அறை உறுதி என்பது ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. இதில் எதையும் வெட்ட முடியாது. ஜெர்மன் ஓட்டல் வழக்கில் இல்லாமல் போனது இந்தத் தெளிவுதான்.

காபித்தூளுக்கு இவ்வளவு தேவையில்லை. '250 கிராம், ₹220' என்பதன் பக்கத்தில் 'கூடையில் சேர்க்க', கடைசியில் 'தபால் செலவு உட்பட ₹280 செலுத்துக'. குழுவாக வருபவர்களுக்கு 'முழு வீட்டுக்கு விலை கேட்க' என்ற விசாரணைப் பொத்தான், எத்தனை பேர், எந்தத் தேதி, சாப்பாடு வேண்டுமா என்று பாதி எழுதிய வாட்ஸ்அப் செய்தியோடு திறக்கும்.

இந்தத் தமிழ் வாசகங்களின் வினைமுடிவைக் கவனித்து வைக்க வேண்டும். 'சேர்', 'தேடு', 'அனுப்பு' என்பவை கருவிக்கு இடும் கட்டளைகள். செயலிக்குள் அவை உறுத்துவதில்லை. வாடிக்கையாளரைப் பார்த்து விடுதி 'புக் செய்' என்றால் மரியாதைக் குறைவாகப் படும். 'செய்யவும்' என்பது அரசு அலுவலகப் பலகையின் குரல். 'விலை கேட்க', 'அறையைத் தேர்ந்தெடுக்க' என்று முடித்தால் யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை; இது இதற்கான இடம் என்று வழி மட்டும் காட்டுகிறது. தயக்கத்தோடு இருப்பவருக்கு இது பொருந்தும். பணம் செலுத்தும் கடைசிப் பொத்தானில் மட்டும் 'செலுத்துக', 'உறுதிசெய்க' என்று சற்று அழுத்தமாக முடிப்பது நல்லது. அங்கே செயல் நடந்துவிடுகிறது என்பது காதில் விழ வேண்டும்.

முன்பதிவுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. வாங்கியவரின் வேலை பணம் கட்டியதும் முடிந்துவிடும். முன்பதிவு செய்தவர் வந்து சேர்ந்தால்தான் அது முன்பதிவு. அதனால் அழைப்பு வாசகத்தின் பாதி, பொத்தானை அழுத்திய பிறகுதான் தொடங்குகிறது. சிகாகோவில் கோர்டன் சின்க்ளேர் என்பவர் நடத்திய உணவகத்தில் மேசை சொல்லிவிட்டு வராமல் போனவர்கள் 30 சதவீதம் இருந்தார்கள். தொலைபேசியில் முன்பதிவு எடுப்பவர், திட்டம் மாறினால் தயவுசெய்து எங்களுக்குச் சொல்லுங்கள் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அதைக் கேள்வியாக்கினார்கள்: திட்டம் மாறினால் எங்களுக்குச் சொல்வீர்களா? கேட்டுவிட்டு, மறுமுனையில் 'சொல்கிறேன்' என்று பதில் வரும்வரை காத்திருந்தார்கள். வராதவர்கள் 10 சதவீதமாகக் குறைந்தார்கள். தன் வாயால் ஒப்புக்கொண்டதை மனிதர் எளிதில் மீறுவதில்லை என்பதற்கு உளவியலாளர் ராபர்ட் சியால்டினி இதை எடுத்துக்காட்டாகச் சொல்வார். சென்னையில் ஒரு பல் மருத்துவமனை வரவேற்பாளரும் இதே கேள்வியைக் கேட்கலாம், செலவில்லை: 'வர முடியலன்னா காலையிலயே ஒரு போன் பண்ணிச் சொல்லிடுவீங்களா சார்?'

இங்கிலாந்தில் மருத்துவமனைகள் அனுப்பும் நினைவூட்டல் செய்திகளிலும் இதுபோல் சோதித்தார்கள். வழக்கமான செய்தி போனபோது வராதவர்கள் 11.1 சதவீதம். நீங்கள் வராவிட்டால் பொதுச் சுகாதாரத் துறைக்குச் சுமார் 160 பவுண்டு செலவு என்ற வரியைச் சேர்த்தபோது அது 8.4 ஆனது. 2015இல் வெளியான ஆய்வு இது. நான்கு அறை விடுதிக்காரரும் தன் உறுதிச் செய்தியில், 'எங்களிடம் நான்கு அறைதான். வர முடியாவிட்டால் முன்பே சொன்னால் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்போம்' என்று எழுதலாம். அது உண்மை, அதனால் வேலை செய்யும்.

உண்மையில்லாத அவசரத்தை எழுதினால் இந்தியாவில் இப்போது சட்டமும் குறுக்கே வரும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள் இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிடுகின்றன. முதலாவது போலி அவசரம். அதற்கு அந்த ஆவணமே தரும் உதாரணங்களில் ஒன்று, இரண்டு அறைகளே மீதி, முப்பது பேர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொய்த் தகவல் காட்டுவது. மறுப்பவரை வெட்கப்படுத்தும் வாசகமும் பட்டியலில் இருக்கிறது. விமான டிக்கெட் வாங்குபவர் காப்பீடு வேண்டாம் என்று சொல்ல, 'நான் பாதுகாப்பின்றி இருந்துகொள்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரியை அழுத்த வைப்பது அதற்கு உதாரணம்.

எந்த வாசகம் நன்றாக வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய நிறுவனங்கள் இரண்டு வாசகங்களை ஒரே நேரத்தில் வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டி எண்ணிப் பார்க்கின்றன. ஒபாமாவின் முதல் தேர்தல் பிரசாரத்தில் 'Sign Up' என்ற பொத்தானை 'Learn More' என்று மாற்றியபோது பதிவு செய்தவர்கள் 18.6 சதவீதம் கூடியதும் இப்படித்தான் தெரிந்தது. அந்தச் சோதனையில் பொத்தானும் படமும் சேர்ந்து 24 சேர்க்கைகள். ஒவ்வொன்றையும் சுமார் 13,000 பேர் பார்த்தார்கள். ஏற்காட்டு விடுதிக்கு அவ்வளவு கூட்டம் வராது. நூறு பேரில் இரண்டு பேர் முன்பதிவு செய்வது மூன்றாகக் கூடியதா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லவே, ஒவ்வொரு வாசகத்தையும் ஏறக்குறைய நாலாயிரம் பேருக்குக் காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது பேர் வரும் பக்கத்துக்கு இது ஐந்து மாத வேலை. ஒரு வாரம் பார்த்துவிட்டு 'புதுப் பொத்தான் ஓடுகிறது' என்று முடிவு கட்டுவது வெறும் தற்செயலை நம்புவது.

அவர்களுக்குப் போனே போதும். வாசகத்தில் விட்டுப்போனதை அழைப்பவர் முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிடுவார். 'சார், என் ரூம் கன்ஃபர்ம் ஆயிடுச்சா?' என்று கேட்டால் கடைசிப் பொத்தானும் உறுதிச் செய்தியும் தெளிவாக இல்லை. 'பணம் இப்பவே எடுத்துடுவீங்களா?' என்றால் நடுப்படியில் அந்தச் சிறிய வரி விட்டுப்போயிருக்கிறது, அல்லது கண்ணில் படவில்லை. 'ஒரு நாளைக்கு எவ்வளவுங்க?' என்றால் வாடகையே பக்கத்தில் மறைந்து கிடக்கிறது. 'போன வாரம் கேட்டேன், யாரும் பேசலையே' என்றால் பொத்தானை மாற்றிப் பயனில்லை, பதில் அனுப்பும் ஆளைப் பார்க்க வேண்டும். வரவேற்பு மேசையில் இருப்பவர் ஒவ்வொரு அழைப்பின் முதல் கேள்வியையும் அது வந்தபடியே ஒரு நோட்டில் எழுதி வைத்தால், ஒரு மாதத்தில் எந்தக் கேள்விக்கு எத்தனை கோடுகள் என்று எண்ணிவிடலாம். அதிகக் கோடு விழுந்த கேள்விக்கு உரிய வாசகத்தை முதலில் மாற்றிவிட்டு, அடுத்த மாதமும் அதே நோட்டில் எழுதிப் பார்க்கலாம்.